ஒரே வீட்டில் ஐந்து ஹெபடைட்டிஸ் பி அறிக்கைகள்: மூன்று வரிகளைச் சேர்த்துப் படிப்பது எப்படி?

கேள்வி: தம்பிக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்ததால், தெம்பனிஸ் வீட்டில் உள்ள எல்லோரும் இரத்தம் கொடுத்தோம். தம்பிக்கு HBsAg ரியாக்டிவ், Anti-HBs இல்லை, Anti-HBc ரியாக்டிவ். அம்மாவுக்கு HBsAg இல்லை, Anti-HBs 310, Anti-HBc ரியாக்டிவ். என் மனைவிக்கு HBsAg இல்லை, Anti-HBs 240, Anti-HBc இல்லை. 1999இல் இங்கே பிறந்த மகளுக்கு HBsAg இல்லை, Anti-HBs 4, Anti-HBc இல்லை. எனக்கு HBsAg இல்லை, Anti-HBs 6, ஆனால் Anti-HBc ரியாக்டிவ். எனக்கு வயது 52, பிறந்தது மன்னார்குடிப் பக்கம். மருந்தகத்தில் எனக்கும் மகளுக்கும் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். எனக்கு நோய் இருக்கிறதா, இல்லையா? மூட்டு அழற்சிக்கு ஊசி மருந்து தொடங்குவதாகவும் பேச்சு இருக்கிறது. அதற்கு இது தடையா?

பதில்:

நீங்கள் சிறுவயதில் இந்தக் கிருமியைச் சந்தித்து, அதை அடக்கியிருக்கிறீர்கள் என்பதே பெரும்பாலும் சரியான விளக்கம். இன்றைக்கு நோயாளி என்று சொல்ல உங்கள் அறிக்கையில் எதுவும் இல்லை. ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லை நீக்குவதற்கு இன்னும் இரண்டு, மூன்று சோதனைகள் தேவை. ஊசி மருந்தைத் தொடங்கும் முன் அவை முடிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டின் ஐந்து அறிக்கைகளிலும் சிக்கலானது உங்களுடையதுதான். மற்ற நான்கும் பாடப்புத்தகத்தில் அச்சிடலாம் என்ற அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன. அந்த நான்கையும் வைத்துப் படிக்கும் முறையைப் பழகிக்கொண்டு, பிறகு உங்களுடையதற்கு வருகிறேன். நான் மருத்துவர் அல்லன். மருத்துவமனை ஆய்வகத்தில் இந்தச் சோதனைகளைப் பல ஆண்டுகள் ஓட்டியவன்.

மூன்று வரிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கிருமியின் உடலமைப்பு தெரிந்தால் போதும். பலாச்சுளையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே சதை, உள்ளே கொட்டை. இந்தக் கிருமிக்கும் வெளியே ஒரு மேலுறை, அதற்குள் ஓர் உட்கூடு, உட்கூட்டுக்குள் அதன் மரபுப்பொருள். மேலுறையைச் செய்யும் புரதம்தான் மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது HBsAg. தொற்றிய கல்லீரல் செல் இந்த மேலுறைப் புரதத்தைத் தேவைக்கு மேல் ஏராளமாகச் செய்து தள்ளுகிறது. முழுக் கிருமிகளைவிடப் பல மடங்கு அதிகமாக, உள்ளே ஒன்றுமில்லாத வெற்று உறைகள் இரத்தத்தில் மிதக்கின்றன. 1960களில் புளூம்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இரத்தத்தில் இந்தப் புரதத்தைக் கண்டபோது அது என்னவென்றே தெரியாமல் "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்று பெயர் வைத்ததற்கும், கிருமியைக் காணும் முன்பே அதன் உறை கண்ணில் பட்டதற்கும் இந்த மிகுதிதான் காரணம். அதனால்தான் இன்றும் "கிருமி இப்போது உடலில் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு முதலில் பார்ப்பது இந்த வரியை.

உட்கூடோ இரத்தத்தில் தனியாகச் சுற்றுவதில்லை. எப்போதும் மேலுறைக்குள் ஒளிந்தே இருக்கும். எனவே வழக்கமான அறிக்கையில் "உட்கூட்டு ஆன்டிஜென்" என்று ஒரு வரி இருக்காது. அதற்கு எதிராக உடல் செய்த ஆன்டிபாடியை மட்டுமே அளக்கிறோம். அதுதான் Anti-HBc. உறைக்குள் ஒளிந்திருப்பதை ஆன்டிபாடியால் எட்டிப் பிடிக்க முடியாது என்பதால், இந்த ஆன்டிபாடி நம்மைக் காப்பதும் இல்லை. கிருமி வந்து போனதற்கான தடம் மட்டும்தான் அது. நனைந்த சிமெண்டில் பதிந்த காலடி மாதிரி, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழியாது. காப்பது மேலுறைக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது Anti-HBs. அது கிருமியின் வெளிப்புறத்தில் ஒட்டி, கல்லீரல் செல்லுக்குள் நுழைய விடாமல் தடுக்கிறது.

தடுப்பூசியில் இருப்பது மேலுறைப் புரதம் மட்டுமே. ஈஸ்ட் செல்களை வைத்துச் செய்த வெறும் உறை. அதில் உட்கூடு கிடையாது, மரபுப்பொருள் கிடையாது. ஆகவே எத்தனை ஊசி போட்டாலும் Anti-HBs வருமே தவிர, Anti-HBc வரவே வராது. மூன்று வரிகளையும் சேர்த்துப் படிப்பதன் சாரம் இந்த ஒரே உண்மையில் அடங்கிவிடுகிறது.

இப்போது உங்கள் மனைவியின் அறிக்கையைப் பாருங்கள். காக்கும் ஆன்டிபாடி 240, தடம் இல்லை, கிருமி இல்லை. இது தடுப்பூசியால் வந்த பாதுகாப்பு. ஒருநாளும் தொற்றவில்லை. உங்கள் அம்மாவுக்கோ காக்கும் ஆன்டிபாடி 310 இருக்கிறது, கூடவே தடமும் இருக்கிறது, கிருமி இல்லை. இது இயற்கையாக வந்து, போராடித் தணிந்த தொற்று. இருவருடைய Anti-HBs எண்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த வரியை மட்டும் பார்த்தால் இருவரையும் பிரித்தறிய வழியே இல்லை. பல உடல்நலப் பரிசோதனைத் தொகுப்புகளில் HBsAg, Anti-HBs இரண்டு மட்டுமே இருக்கும், Anti-HBc இருக்காது. அப்படிப்பட்ட ஒரு தொகுப்பில் அம்மாவின் அறிக்கை வந்திருந்தால், தடுப்பூசி போட்டவர் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். இந்தியாவில் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இந்த ஊசி வந்தது 2011இல்தான். அம்மாவுக்கு யார் போட்டிருக்கப் போகிறார்கள்?

தம்பிக்குக் கிருமியின் உறை இரத்தத்தில் இருக்கிறது, தடம் இருக்கிறது, காக்கும் ஆன்டிபாடி இல்லை. இது நடப்புத் தொற்று. 6 மாதம் கழித்தும் HBsAg அப்படியே இருந்தால் நாள்பட்ட தொற்று என்று உறுதியாகும். அவருக்கு இது குழந்தைப் பருவத்திலிருந்தே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பிறக்கும்போது தொற்றினால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு அது தங்கிவிடும். பெரியவர்களாகித் தொற்றினால் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். ஒரே வீட்டில், ஒரே காலத்தில் கிருமியைச் சந்தித்த அண்ணன் தம்பிகளில் ஒருவருக்குத் தங்குவதும் மற்றவருக்குப் போவதும் பெரும்பாலும் எந்த வயதில் சந்தித்தார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த அறிக்கைகளை வைத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று குடும்பத்தில் விசாரணை நடத்த முடியாது. அம்மாவே முன்பு நாள்பட்ட தொற்றுள்ளவராக இருந்து, பிற்காலத்தில் HBsAg தானாக மறைந்திருக்கலாம். ஆண்டுக்குச் சுமார் நூற்றில் ஒருவருக்கு அப்படி நடக்கிறது. அல்லது அவருக்கும் வேறெங்கிருந்தோ வந்து விரைவிலேயே தணிந்திருக்கலாம். இன்றைய இரத்தம் அதைச் சொல்லாது.

Anti-HBs 10க்குக் கீழே இருந்தால் காப்பு இல்லை என்றே கணக்கு. அப்படிப் பார்த்தால் மகளின் அறிக்கையில் மூன்றுமே இல்லை என்பதால் பலர் பதறுவார்கள். சிங்கப்பூரில் 1985இல் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1987 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஊசி போடப்படுகிறது. 1999இல் பிறந்த உங்கள் மகளுக்கு மூன்று ஊசிகளும் போடப்பட்டிருக்கும். தேசியத் தடுப்பூசிப் பதிவேட்டிலோ பழைய உடல்நலப் புத்தகத்திலோ தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையில் போட்ட ஊசியால் எழுந்த ஆன்டிபாடி 20 வயதுக்குப் பிறகு 10 என்ற கோட்டுக்குக் கீழே இறங்குவது சர்வ சாதாரணம். ஆனால் நினைவுச் செல்கள் இருக்கின்றன. இந்தக் கிருமி உள்ளே நுழைந்து பெருகப் பல வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் நினைவுச் செல்கள் விழித்துக்கொண்டு ஆன்டிபாடியை உருவாக்கிவிடும். அதனால் நலமாக உள்ளவர்களுக்கு மறுபடி ஊசி கட்டாயம் இல்லை. மூன்று ஊசிகளையும் தொடக்கத்திலிருந்து திரும்பப் போடத் தேவை இல்லை. சித்தப்பாவுடன் ஒரே வீட்டில் இருப்பதால் மன நிம்மதிக்காக ஒரே ஓர் ஊசி போட்டு, 4 முதல் 8 வாரங்களில் Anti-HBs பார்க்கலாம். எண் 10ஐத் தாண்டிக் குதித்தால் நினைவு உயிரோடு இருக்கிறது என்று பொருள். தாதிமைத் துறையிலோ பல் மருத்துவத்திலோ வேலை என்றால் அவர்கள் கேட்கும் விதி வேறு. அங்கே 10க்கு மேல் என்று காட்டியே ஆக வேண்டும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். தடம் மட்டும் இருக்கிறது. கிருமி இல்லை, காக்கும் ஆன்டிபாடியும் கோட்டைத் தொடவில்லை. ஆய்வகத்தில் இதைத் தனித்த உட்கூட்டு ஆன்டிபாடி என்போம். இதற்கு நான்கு விளக்கங்கள் உண்டு. நான்கும் ஒரே வாய்ப்புடையவை அல்ல.

முதல் விளக்கம், பல பத்தாண்டுகளுக்கு முன் தொற்றித் தணிந்து, காக்கும் ஆன்டிபாடி காலப்போக்கில் அளவில் குறைந்து 10க்குக் கீழே போனது. காலடி அழியவில்லை, காவலாளி மட்டும் மெலிந்திருக்கிறார். கிருமி பரவலாக இருக்கும் நாட்டில் பிறந்து, 50 வயதைக் கடந்து, உடன்பிறந்தவருக்குத் தொற்று இருப்பவருக்கு இந்த விளக்கமே மிகப் பொருத்தம். உங்கள் Anti-HBs சுத்தமாகப் பூஜ்யமாக இல்லாமல் 6 என்று இருப்பதும் இந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் 10க்குக் கீழுள்ள எண்களில் கருவியின் துல்லியம் குறைவு. அந்த 6க்கு அதிக எடை கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, சோதனையின் பொய்யான ரியாக்டிவ். தொற்று அபூர்வமாக உள்ள கூட்டத்தைச் சோதித்தால் தனித்த Anti-HBc முடிவுகளில் இது கணிசமாக வரும். உங்கள் பின்னணியில் வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் மருத்துவர்கள் யோசிக்கும் விஷயம். கிருமியின் மரபுப்பொருள் மிகச் சிறிய அளவில் கல்லீரலில் தங்கி, இரத்தத்தில் HBsAg கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மட்டும் உறையைச் செய்துகொண்டிருக்கலாம். மறைந்த தொற்று என்று இதைச் சொல்வார்கள். இதைப் பார்க்க வேண்டுமானால் ஆன்டிஜென், ஆன்டிபாடி வரிகளை விட்டுவிட்டு HBV DNA என்ற நேரடி மரபுப்பொருள் சோதனையைச் செய்ய வேண்டும்.

நான்காவது, இடைவெளிக் காலம். புதிதாகத் தொற்றியவருக்குக் கிருமி உடலில் நுழைந்து சராசரியாக ஒரு மாதத்தில் HBsAg தெரிய ஆரம்பிக்கிறது. நோய்க்குறிகள் வரும் நேரத்தில் உட்கூட்டு ஆன்டிபாடி எழுகிறது. உடல் வென்றால் சில மாதங்களில் HBsAg மறைகிறது. ஆனால் Anti-HBs தலைதூக்க இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் இரத்தம் எடுத்தால் உங்களுடையதைப் போன்ற அறிக்கையே வரும். இதைப் பிரித்தறிய Anti-HBc IgM என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. IgM என்பது புதுத் தொற்றில் முதலில் வரும் வகை. பொதுவாக 6 மாதம் வரை இருந்து மறையும். உங்கள் அறிக்கையில் இருப்பது Anti-HBc Total, அதாவது பழையது, புதியது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. சில மாதங்களாக மஞ்சள் காமாலை, கடும் சோர்வு எதுவும் இல்லாமல், கல்லீரல் நொதியான ALT வழக்கமான அளவில் இருந்தால் இந்த விளக்கம் தானாக உதிர்ந்துவிடும். ஆனாலும் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இனி எந்த வரிசையில் செய்வது என்று பார்க்கலாம். வரிசை மாறினால் குழப்பம் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தடுப்பூசி போட்டுக்கொள்ளும் முன் இரத்தத்தைக் கொடுங்கள். ஊசியில் இருப்பதே மேலுறைப் புரதம் என்று சொன்னேன் அல்லவா? ஊசி போட்ட சில நாட்களில், சிலருக்குச் சுமார் 18 நாள் வரையிலும்கூட, அந்தப் புரதம் இரத்தத்தில் மிதந்து HBsAg ரியாக்டிவ் என்று வரக்கூடும். நான் வேலை பார்த்த காலத்தில், ஊசி போட்ட மறுவாரமே இரத்தம் கொடுத்து, "தொற்று" என்ற ஒரு சொல்லோடு வீடு திரும்பித் தூக்கம் கெட்டவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது எதுவும் இல்லை. எந்தத் தேதியில் ஊசி போட்டார் என்று யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

அந்த முதல் இரத்தத்தில் மூன்று வரிகளையும் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் வேறு நிறுவனத்தின் கருவியில். முதல் முறை பொய்யான ரியாக்டிவாக இருந்தால் வேறு கருவியில் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். கூடவே IgM, ALT, HBV DNA. பலதுறை மருந்தகத்தில் இந்தப் பட்டியல் முழுவதும் கிடைக்காவிட்டால், கல்லீரல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தம்பியின் அறிக்கையையும் மூட்டு மருந்துத் திட்டத்தையும் சொன்னால் கடிதம் கிடைப்பதில் சிரமம் இருக்காது.

DNA இல்லை, ALT வழக்கமாக இருக்கிறது, IgM இல்லை, Total மறுபடியும் ரியாக்டிவ் என்று வந்தால் மீதி இருப்பது முதல் விளக்கமும் இரண்டாம் விளக்கமும் மட்டுமே. இப்போதுதான் ஓர் ஊசி. அது மருந்தாகவும் சோதனையாகவும் வேலை செய்யும். போட்ட சுமார் 4 வாரத்தில் Anti-HBs பாருங்கள். உதாரணமாக 6 என்று இருந்தது 150 ஆகியிருந்தால், உங்கள் உடல் இந்த உறையை முன்பே அறிந்திருக்கிறது, பழைய பகையை அடையாளம் கண்டுகொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தணிந்த பழைய தொற்று என்ற முடிவு அநேகமாக உறுதி. அசையாமல் 7, 8 என்றே இருந்தால் மீதி இரண்டு ஊசிகளையும் முதல் ஊசியிலிருந்து 1 மாதம், 6 மாதம் என்ற கணக்கில் முடித்துவிட்டு, கடைசி ஊசிக்கு ஒன்று, இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். இந்தச் சோதனையும் முழுமையானது அல்ல. உண்மையிலேயே தொற்றித் தணிந்தவர்களில் சிலருக்கு முதல் ஊசியில் எண் ஏறாமல் போகும். அதனால் ஏறினால் நம்பலாம், ஏறாததை வைத்து எதுவும் முடிவுகட்டக் கூடாது.

ஆகவே மருந்தகத்தில் உங்களுக்கு ஊசி போடச் சொன்னது தவறு இல்லை. பழைய தொற்று உள்ளவருக்குப் போட்டாலும் இந்த ஊசி தீங்கு செய்யாது. ஆனால் ஊசி போட்டுவிட்டதாலேயே உங்கள் கோப்பு "தடுப்பூசி பெற்றவர்" என்று மூடப்படக் கூடாது. என் கவலை அதுதான். நாளைக்கு உங்கள் Anti-HBs 150 என்று இருக்கும்போது, அதை மட்டும் பார்க்கும் ஒருவர் உங்களையும் உங்கள் மனைவியையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுவார். உங்கள் தடம் அவர் கண்ணில் படாது.

அது ஏன் முக்கியம் என்பது உங்கள் மூட்டு ஊசியில் இருக்கிறது. இந்தக் கிருமி கல்லீரல் செல்லின் கருவுக்குள் தன் மரபுப்பொருளை ஒரு வளையமாக வைத்துவிட்டுப் போகிறது. தொற்று தணிந்தது என்று சொல்லும்போது அந்த வளையம் அழிந்துவிட்டது என்று பொருள் அல்ல. நோய் எதிர்ப்பு ஆற்றல் அதைக் கட்டிவைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆற்றலையே அடக்கும் மருந்து கொடுத்தால் கட்டு தளரலாம். HBsAg மறுபடி தோன்றும், கல்லீரல் வீங்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். ரிடுக்ஸிமாப் என்ற மருந்துதான் இதில் மிகவும் பெயர்பெற்றது. ஆன்டிபாடி செய்யும் செல்களின் பரம்பரையையே அது அழிக்கிறது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அந்த மருந்தின் உறையில் இதற்காகவே கட்டமிட்ட எச்சரிக்கை போடச் செய்தது. HBsAg இல்லாமல் Anti-HBc மட்டும் ரியாக்டிவாக உள்ளவர்களையும் அந்த எச்சரிக்கை சேர்த்தே சொல்கிறது, அதாவது உங்களையும்.

மூட்டு அழற்சிக்குக் கொடுக்கும் எல்லா மருந்துக்கும் ஒரே அபாயம் இல்லை. மெத்தோட்ரெக்சேட் மட்டும் என்றால் உங்களைப் போன்றவருக்கு அபாயம் மிகக் குறைவு. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகளில் அதைவிடச் சற்று அதிகம். பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை ALT, HBsAg, DNA ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு தொடர்வார்கள். ரிடுக்ஸிமாப் என்றால் காத்திருந்து பார்ப்பதில்லை. இந்தக் கிருமியை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கி, அந்த ஊசி முடிந்த பிறகும் குறைந்தது ஓராண்டு தொடர்வார்கள். நிறுத்திய பிறகும் கண்காணிப்பு உண்டு. ஆக, உங்கள் அறிக்கை சிகிச்சைக்குத் தடை இல்லை. எந்த மருந்து, எந்தக் காப்போடு என்பதை அது தீர்மானிக்கும். உங்கள் மூட்டு மருத்துவரிடம் "எனக்கு ஹெபடைட்டிஸ் பி இல்லை" என்று சொல்லாதீர்கள். "HBsAg இல்லை, Anti-HBc ரியாக்டிவ்" என்று அப்படியே சொல்லுங்கள். கீமோதெரபி, உறுப்பு மாற்று, அதிக அளவில் பல வாரம் எடுக்கும் ஸ்டீராய்டு எதுவானாலும் இதே வாக்கியம்தான்.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எண்களைப் பார்க்கும்போது விழும் ஒரு குழியையும் காட்டிவிடுகிறேன். Anti-HBs வரியில் வருவது உண்மையான அளவு. 10 என்பது கோடு. மற்ற இரண்டு வரிகளில் எண் இருந்தால், அது கருவி பெற்ற சமிக்ஞையைக் கோட்டோடு ஒப்பிட்ட விகிதம் மட்டுமே. சில கருவிகளில் Anti-HBc 1க்கு மேல் இருந்தால் ரியாக்டிவ். வேறு சில கருவிகளில் 1க்குக் கீழே இருந்தால்தான் ரியாக்டிவ், ஏனென்றால் அங்கே இரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி கருவியின் ஆன்டிபாடியோடு போட்டியிட்டுச் சமிக்ஞையைக் குறைக்கிறது. ஒரு ஆய்வகத்தில் 0.01, மற்றொன்றில் 8 என்று வந்து, "நோய் கூடிவிட்டதா?" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றையே சொன்னன. எண்ணை விட்டுவிட்டுப் பக்கத்தில் உள்ள சொல்லைப் படியுங்கள். அந்த எண் கோட்டை ஒட்டி நின்றால் மட்டும் பொய்யான ரியாக்டிவ் என்ற சந்தேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதிக அளவு பயோட்டின் சில கருவிகளின் வேதியியலைக் கெடுத்து, HBsAgயை இல்லை என்றும், போட்டி முறையில் அளக்கும் Anti-HBcஐ ரியாக்டிவ் என்றும் காட்டிவிடும். புதிய கருவிகள் இதைத் தாங்கும்படி மாற்றப்பட்டுள்ளன. இருந்தாலும் மறு சோதனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று இரத்தம் எடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பிக்குத் தடுப்பூசியால் பயன் இல்லை. ஏற்கெனவே உறையால் நிரம்பியிருக்கும் இரத்தத்தில் இன்னும் கொஞ்சம் உறையைச் சேர்ப்பதில் பொருள் இல்லை. அவருக்கு வேண்டியவை DNA அளவு, கிருமி மும்முரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் HBeAg, ALT, கல்லீரல் ஸ்கேன். பிறகு 6 மாதத்திற்கு ஒருமுறை தொடர் கண்காணிப்பு. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அவர் அதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய மனைவி, பிள்ளைகள் ஊரில் இருந்தால் அவர்களும் இதே மூன்று வரிகளைப் பார்த்துவிட வேண்டும். இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போதும்தான் இது பரவுகிறது. சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ் தனித்தனியாக இருக்கட்டும். அவருடைய தட்டையும் தம்ளரையும் ஒதுக்கிவைக்கத் தேவையே இல்லை. ஒரே பாத்திரத்தில் பிசைந்து சாப்பிட்டாலும் வராது.

இறுதியாக, HBsAg, Anti-HBs இரண்டுமே ரியாக்டிவ் என்று ஒருவருக்கு வந்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். அபூர்வம்தான், ஆனால் நடக்கும். காக்கும் ஆன்டிபாடி இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. HBsAg இருக்கும்வரை அவர் தொற்றுள்ளவர்தான். அண்மையில் ஊசி போட்டாரா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் DNA பார்க்க அனுப்ப வேண்டும்.

மூட்டு மருத்துவரைப் பார்க்கும் நாள் நெருங்கிவிட்டது என்றால், HBV DNA முடிவு வரும்வரை ஊசித் தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். வலி பொறுக்க முடியாத அளவில் இருந்தால் இடைக்காலத்திற்கு எதைக் கொடுப்பது என்பது அவர் முடிவு. அம்மாவின் அறிக்கையையும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். அவருக்கும் நாளை ஏதாவது அறுவைச் சிகிச்சையோ புற்றுநோய் மருந்தோ தேவைப்பட்டால், 310 என்ற எண்ணைப் பார்த்து யாரும் அந்த மூன்றாவது வரியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.